பிரிபுனலைக் குலுக்கும்போது அழுத்தத்தை இறக்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கரிம வேதியியல் செய்முறை வகுப்புகளில் பல ஆண்டுகளாக என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே விட்டிருக்கிறேன். ஈதர், டைகுளோரோமீத்தேன் போன்ற எளிதில் ஆவியாகும் கரைப்பான்களையும், அமிலம் கலந்த கரைசலைப் பைகார்பனேட்டால் கழுவுவதையும் பற்றி மட்டுமே இந்தப் பக்கம் பேசுகிறது.

மூடியைப் போட்டுக் குலுக்கினாலே ஏன் அழுத்தம் வருது? நான் எதையும் சூடாக்கலையே?

நீங்கள் மூடியைப் பொருத்தும் நொடியில் திரவத்துக்கு மேலே இருக்கும் இடத்தில் பெரும்பாலும் காற்றுதான் இருக்கிறது. அதன் அழுத்தம் வெளியே உள்ளதைப் போலவே ஒரு வளிமண்டலம். குலுக்கியதும் கரைப்பான் அந்த இடம் முழுவதும் விரைவாக ஆவியாகி நிறைகிறது. காற்றுக்கு வெளியேற வழி இல்லாததால், கரைப்பானின் ஆவியழுத்தம் ஏற்கெனவே உள்ள காற்றின் அழுத்தத்தோடு அப்படியே கூடிவிடுகிறது. 25 °C வெப்பநிலையில் டைஎத்தில் ஈதரின் ஆவியழுத்தம் ஏறத்தாழ 0.7 வளிமண்டலம், டைகுளோரோமீத்தேனுக்கு 0.57, எத்தில் அசிடேட்டுக்கு வெறும் 0.12. எத்தில் அசிடேட்டைக் குலுக்கிப் பழகியவர்கள் ஈதரிடம் முதன்முறை திடுக்கிடுவது இதனால்தான்.

ஈதர் 34.6 °C-இல் கொதிக்கிறது. உள்ளங்கையின் சூடு அதற்கு அருகிலேயே இருக்கிறது. ஆகவே புனலின் வயிற்றுப் பகுதியை இரு கைகளாலும் அணைத்துப் பிடிப்பதும் ஒரு வகையில் சூடாக்குவதே. வினை முடிந்த கலவை வெதுவெதுப்பாக இருந்தால், அதைப் பனிக்கட்டித் தொட்டியில் வைத்துக் குளிர்வித்த பிறகே ஈதரோடு பிரிபுனலில் சேருங்கள்.

அழுத்தத்தை எப்படி வெளியே விடணும்? மூடியைக் கொஞ்சம் தூக்கினா போதாதா?

போதாது, அது ஆபத்தும்கூட. ஏறத்தாழ 19 மி.மீ. விட்டமுள்ள மூடியின் மீது ஒரு வளிமண்டலக் கூடுதல் அழுத்தம் கொடுக்கும் தள்ளுவிசை, சுமார் 3 கிலோ எடையைத் தாங்குவதற்குச் சமம். மூடியைத் தளர்த்தும் கணத்தில் அது கையை மீறித் தெறிக்கலாம். வெளியேறும் வாயு திரவத்தையும் தன்னோடு இழுத்து வரும். ஆகவே அழுத்தத்தை எப்போதும் ஸ்டாப்காக் வழியாகவே இறக்க வேண்டும். அதன் துளை சிறியது. எவ்வளவு வெளியேற வேண்டும் என்பதை விரலால் கட்டுப்படுத்த முடியும்.

முறை இதுதான். புனலில் மொத்தத் திரவம் கொள்ளளவில் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டக் கூடாது. ஸ்டாப்காக் மூடியிருப்பதையும், அதன் பின்பக்கத் திருகு இறுக்கமாக இருப்பதையும் பார்த்துவிட்டு மூடியைப் பொருத்துங்கள். வலது உள்ளங்கையால் மூடியை அழுத்தியபடியே விரல்களால் புனலின் கழுத்தைப் பற்றிக்கொள்ளுங்கள். இடக்கையின் விரல்கள் ஸ்டாப்காக்கைச் சுற்றி இருக்கட்டும். இனிக் குலுக்காமல் புனலைத் தலைகீழாகச் சாய்த்து, தண்டு மேல்நோக்கி, ஃபியூம் ஹூடின் பின்சுவரைப் பார்த்தபடி இருக்குமாறு பிடியுங்கள். திரவம் முழுவதும் மூடிப் பக்கம் இறங்கி, ஸ்டாப்காக்கின் துளை திரவமட்டத்துக்கு மேலே வந்த பிறகு மெதுவாகத் திறவுங்கள். சீறல் ஓய்ந்ததும் மூடுங்கள்.

ஒரு தடவைகூடக் குலுக்காமலே முதல் முறை இறக்கிவிட வேண்டும் என்பதை நான் வற்புறுத்திச் சொல்வேன். தலைகீழாக்கும் அசைவிலேயே ஈதர் கணிசமாக ஆவியாகிவிடுகிறது. அதன் பின் ஒரே ஒரு மெல்லிய ஆட்டம், இறக்கம். இரண்டு ஆட்டம், இறக்கம். பிறகுதான் நன்றாகக் குலுக்குவது. தண்டின் முனை உங்கள் முகத்தையோ பக்கத்தில் நிற்பவரையோ நோக்கி இருக்கக் கூடாது. ஈதர் ஆவி காற்றைவிடக் கனமானது, மேசையோடு படர்ந்து செல்லும். எனவே அந்த அறையில் எங்கும் சுடர் எரியக் கூடாது.

எத்தனை தடவை விடணும்? போதும்னு எப்படித் தெரியும்?

கரைப்பானின் ஆவி மட்டுமே காரணமாக இருந்தால், ஒவ்வொரு இறக்கத்திலும் சீறல் தெளிவாகக் குறைந்துகொண்டே வரும். 25 °C-இல் உள்ள ஈதரை எடுத்துக்கொள்வோம். முதல் குலுக்கலில் உள்ளே ஒரு வளிமண்டலக் காற்றும் 0.7 வளிமண்டல ஆவியும் சேர்ந்து 1.7 ஆகிறது. திறந்ததும் இந்தக் கலவையில் ஒரு பகுதி வெளியேறி, உள்ளே மீண்டும் 1 ஆகிறது. ஆனால் இப்போது உள்ளிருக்கும் காற்றின் பங்கு 0.6 அளவுக்குக் குறைந்துவிட்டது. அடுத்த குலுக்கலில் கூடுதல் அழுத்தம் 0.3தான் வரும். அதற்கடுத்து ஏறத்தாழ 0.16, பிறகு 0.1. காற்று படிப்படியாக வெளியேற, ஆவி அதன் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஆகவே நான்காவது ஐந்தாவது தடவைக்குள் சீறல் காதுக்கு எட்டாத அளவுக்கு மெலிந்துவிடும்.

இரண்டு விதிவிலக்குகள் உண்டு. மூடியைத் திறந்து அடுத்த தவணைக் கரைப்பானையோ கழுவுநீரையோ ஊற்றும்போது புதிய காற்று உள்ளே போகிறது. எனவே கணக்கு முதலிலிருந்து தொடங்கும். அறையின் வெப்பநிலை ஈதரின் கொதிநிலையை எட்டிவிட்டாலோ சீறல் ஓயவே ஓயாது, ஏனெனில் ஆவியழுத்தம் மட்டுமே ஒரு வளிமண்டலத்தை எட்டிவிடுகிறது. அப்போது குலுக்குவதை நிறுத்திவிட்டுத் திரவங்களைக் குளிர்விக்க வேண்டும்.

பைகார்பனேட் கழுவலுக்கு மட்டும் ஏன் இவ்வளவு எச்சரிக்கை? அதுவும் கொஞ்சம் வாயுதானே?

முந்தைய விடையில் சொன்ன கரைப்பான் அழுத்தத்துக்கு ஒரு மேல்வரம்பு உண்டு: ஆவியழுத்தத்தை எட்டியதும் அது நின்றுவிடும். கார்பன் டைஆக்ஸைடுக்கு அப்படி ஒரு வரம்பு கிடையாது. அமிலம் தீரும்வரை வாயு வந்துகொண்டே இருக்கும். வேறுபாடு முழுவதும் இங்கேதான் இருக்கிறது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். ஐசோஅமைல் அசிடேட் எஸ்டரைத் தயாரித்து, அதை 50 மி.லி. ஈதரில் எடுத்திருக்கிறீர்கள், வினைபுரியாத அசிட்டிக் அமிலம் 1.2 கிராம், அதாவது 20 மில்லிமோல், அதில் மிச்சம் இருக்கிறது. இதன் மேல் 50 மி.லி. நிறைவுற்ற சோடியம் பைகார்பனேட் கரைசலை ஊற்றி, 250 மி.லி. பிரிபுனலை மூடிக் குலுக்கினால் என்ன ஆகும்? ஒரு மோல் அமிலத்துக்கு ஒரு மோல் வாயு வரும்:

```
CH3COOH + NaHCO3 → CH3COONa + H2O + CO2
```

25 °C-இல் ஒரு மோல் வாயு சாதாரண அழுத்தத்தில் 24.5 லிட்டர் இடம் பிடிக்கும். எனவே 20 மில்லிமோலுக்கு 490 மி.லி. வாயு. உள்ளே காலியாக இருப்பதோ சுமார் 150 மி.லி. மட்டும். வாயு முழுவதும் அங்கேயே அடைபட்டால் மூன்று வளிமண்டலத்துக்கும் மேல் கூடுதல் அழுத்தம் வரும், ஈதரின் 0.7 தனிக்கணக்கு. வாயுவில் ஒரு பங்கு திரவங்களில் கரைந்திருக்கும் என்பது உண்மைதான், ஆனால் மூடி பிய்த்துக்கொண்டு போவதற்கு மீதமே தாராளமாகப் போதும். வெறும் 1.2 கிராம் அமிலம், ஒரு தேக்கரண்டிகூட நிறையாத அளவு, இவ்வளவும் செய்யும்.

அப்போ பைகார்பனேட்டை எந்த வரிசையில எப்படிச் சேர்க்கணும்?

வாயு வரவேண்டியது எல்லாம் மூடியைப் பொருத்துவதற்கு முன்பே வந்து தீர்ந்துவிட வேண்டும். அழுத்தத்தை இறக்கும் திறமையை நம்பி இருப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

முதலில் வெறும் நீரால் இரண்டு முறை கழுவுங்கள். அசிட்டிக் அமிலம் ஈதரைவிட நீரையே அதிகம் விரும்புவதால், சம அளவு நீரால் ஒருமுறை கழுவினாலே பாதிக்கு மேல் நீருக்கு வந்துவிடும். இரண்டாம் முறைக்குப் பிறகு நான்கில் ஒரு பங்குகூட மிஞ்சாது. மேலே சொன்ன 490 மி.லி. வாயு இதனால் 120 மி.லி.க்குக் கீழே இறங்கிவிடுகிறது. மிச்சம் இருக்கும் கந்தக அமிலமும் நீரோடு போய்விடும்.

பிறகு கரைசலை ஒரு பெரிய கூம்புக் குடுவைக்கு மாற்றி, பைகார்பனேட் கரைசலைச் சிறிது சிறிதாக ஊற்றி, கண்ணாடிக் கோலால் கலக்கிக்கொண்டே இருங்கள். ஒவ்வொரு தவணையிலும் நுரை பொங்கி அடங்கும்வரை காத்திருங்கள். நுரை எழுவது நின்று, நன்றாகச் சுழற்றிக் கலக்கினாலும் குமிழி வராத நிலை வந்த பிறகே புனலுக்கு ஊற்றி, குடுவையைச் சிறிது ஈதரால் அலசிச் சேர்த்துக்கொள்ளுங்கள். புனலிலேயே செய்ய வேண்டுமென்றால் மூடியில்லாமல், வளையத்தில் உட்காரவைத்தபடியே, கோலால் கலக்குங்கள். ஆனால் நுரை கழுத்துவரை ஏறிவிடும் என்பதால் எனக்குக் குடுவைதான் பிடிக்கும்.

அதன் பின் மூடியைப் பொருத்தி, முன்பு விளக்கிய அதே முறையில் முதல் இறக்கத்தைக் குலுக்காமலே செய்யுங்கள். இங்கே ஒவ்வொரு மெல்லிய ஆட்டத்துக்கும் ஒரு இறக்கம் என்பதே கணக்கு.

டைகுளோரோமீத்தேன் கரைசல்ல பைகார்பனேட் ஊத்தினேன், நுரையே வரலை. அமிலம் இல்லைன்னு எடுத்துக்கலாமா?

எடுத்துக்கொள்ளவே கூடாது. ஈதர் நீரைவிட இலேசானது. அதன் மேல் ஊற்றும் பைகார்பனேட் கரைசல் ஈதர் அடுக்கைத் துளைத்துக்கொண்டு கீழே இறங்குவதால், வழியெல்லாம் அமிலத்தைச் சந்தித்து நுரைக்கிறது. டைகுளோரோமீத்தேனோ நீரைவிடக் கனமானது. பைகார்பனேட் கரைசல் அதன் மேல் அமைதியாகப் படுத்துக்கொள்கிறது. அமிலம் கீழே, காரம் மேலே, இரண்டும் தொடுவது இடையில் உள்ள மெல்லிய பரப்பில் மட்டும். அங்கே உற்றுப் பார்த்தால் ஊசிமுனைக் குமிழிகள் ஒன்றிரண்டாக எழுவது தெரியும். தூரத்திலிருந்து பார்த்தால் எதுவும் நடக்காததுபோல் இருக்கும்.

இந்த அமைதியை நம்பி மூடியைப் பொருத்தி ஓங்கிக் குலுக்கினால், அதுவரை தொடாமல் இருந்த அமிலமும் பைகார்பனேட்டும் ஒரே நொடியில் கலக்கின்றன. என்னுடைய தொடக்க நாட்களில் இப்படித்தான் ஒரு மூடி என் உள்ளங்கையைத் தட்டிவிட்டுப் பறந்தது. கரைசலில் பாதி ஃபியூம் ஹூடின் உள்சுவரில் வழிந்தது. ஊற்றியபோது நுரை இல்லை என்று நான் குறிப்பேட்டில் எழுதியும் வைத்திருந்தேன். ஆகவே டைகுளோரோமீத்தேனுக்கு முந்தைய விடையில் சொன்ன கூம்புக் குடுவை முறை கட்டாயம் என்றே கொள்ளுங்கள்: கோலால் இரண்டு அடுக்குகளையும் நன்றாகக் கலக்கிய பின்னும் குமிழி வராவிட்டால்தான் அமைதி என்பதற்குப் பொருள்.

சீறல் வருது, ஆனா அது கரைப்பானா கார்பன் டைஆக்ஸைடா எப்படிக் கண்டுபிடிக்கிறது?

இறக்கங்கள் தொடரும்போது சீறல் எப்படி மாறுகிறது என்பதைக் கவனியுங்கள். கரைப்பானால் வருவது முன்பு கணக்கிட்டுக் காட்டியதுபோல் ஒவ்வொரு தடவையும் பாதியளவுக்குத் தேய்ந்துகொண்டே போகும். கார்பன் டைஆக்ஸைடாக இருந்தால் இரண்டாவது மூன்றாவது சீறலும் முதலாவதைப் போலவே நீளமாக வரும். இன்னும் வேகமாகக் குலுக்கினால் முந்தையதைவிடப் பெரிதாகவும் வரலாம். இன்னொரு அடையாளம்: குலுக்காமல் புனலைத் தலைகீழாகவே அரை நிமிடம் வைத்திருந்து மறுபடி திறந்தாலும் சீறினால், உள்ளே வினை இன்னும் நடக்கிறது என்று கொள்ளலாம்.

சீறல் ஓய்ந்த பிறகு நீர் அடுக்கில் ஒரு சொட்டை எடுத்து pH தாளில் வையுங்கள். 8 அருகில் காட்டினால் பைகார்பனேட் மிச்சம் இருக்கிறது, அமிலம் தீர்ந்திருக்கிறது. 6 அல்லது அதற்குக் கீழே இருந்தால் பைகார்பனேட்தான் தீர்ந்துபோயிருக்கிறது. அடுத்த தவணை ஊற்றும்போது மீண்டும் பொங்கும் என்பதை எதிர்பார்த்துத் தயாராக இருங்கள்.

சோடியம் கார்பனேட் போட்டா வாயு குறையும்னு சொல்றாங்களே?

ஓரளவு உண்மை. கார்பனேட் முதலில் ஒரு புரோட்டானை ஏற்றுப் பைகார்பனேட்டாக மாறுகிறது. அந்தப் படியில் வாயு இல்லை. அமிலத்தைவிடக் கார்பனேட் மிகுதியாக இருந்து, நன்றாகக் கலக்கவும் செய்தால், வினை பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும். அமிலம் மிகுதியாக இருந்தாலும் ஒரு மோல் அமிலத்துக்கு அரை மோல் வாயுதான். ஆனால் கலக்கும் இடத்தில் அமிலம் திரண்டிருந்தால் அங்கே மட்டும் வாயு பொங்கும். அது திரும்பக் கரைவதற்குள் அழுத்தமாகச் சேர்ந்துவிடலாம்.

கார்பனேட் கரைசல் பைகார்பனேட்டைவிட வலுவான காரம். காரத்தால் எளிதில் சிதையும் எஸ்டர்களுக்கு அது ஏற்றதல்ல. நான் வாயுவைக் குறைப்பதற்காகக் கார்பனேட்டுக்கு மாறுவதில்லை. நீர்க் கழுவலைக் கூட்டிக்கொள்கிறேன்.

ஸ்டாப்காக்கைத் திறந்தா சத்தமே வரலை. பாதுகாப்புன்னு அர்த்தமா?

எப்போதும் அல்ல. துளை அடைபட்டிருக்கலாம். நிறைவுற்ற பைகார்பனேட் கரைசல் உலர்ந்து படிந்த உப்பு, கரையாத விளைபொருளின் படிகம், கண்ணாடி ஸ்டாப்காக்காக இருந்தால் அளவுக்கு மிஞ்சித் தடவிய கிரீஸ் ஆகிய எதுவும் அந்தச் சிறு துளையை மூடப் போதுமானது. கைப்பிடி திரும்பினாலும் வழி திறந்ததாக ஆகாது. திறந்த நிலையில் தண்டின் வழியே துளைக்குள் வெளிச்சம் தெரிகிறதா என்று பக்கவாட்டிலிருந்து பாருங்கள். தண்டின் வாய்க்கு நேராகக் கண்ணைக் கொண்டுபோக வேண்டாம். ஐயம் இருந்தால் குலுக்காதீர்கள். இதைத் தவிர்க்க, கழுவத் தொடங்குமுன் சிறிது நீரை ஊற்றி, தடையின்றி வழிகிறதா என்று பார்த்துவிடுவது நல்லது.

திறக்கும்போதெல்லாம் தண்டிலிருந்து திரவம் தெறிக்குதே, நான் என்ன தப்பு பண்றேன்?

பெரும்பாலும் இரண்டில் ஒன்று. முந்தைய தடவை அடுக்கை வடித்தபோது தண்டுக்குள் தங்கிய துளிகளை நீங்கள் வடிய விடவில்லை. புனலைத் தலைகீழாக்கும்போது அவை ஸ்டாப்காக்கின் மேல் தேங்கி நிற்கின்றன, திறந்ததும் வாயு அவற்றைத் துப்புகிறது. வளையத்தில் இருக்கும்போதே தண்டின் முனையைப் பீக்கரின் உட்சுவரில் தொட்டு அவற்றை இறக்கிவிடுங்கள். அல்லது, தலைகீழாக்கிய உடனே அவசரமாகத் திறக்கிறீர்கள்; திரவம் ஸ்டாப்காக் பக்கத்திலிருந்து இறங்கிமுடிக்க ஓரிரு நொடி பிடிக்கும். புனல் அளவுக்கு மேல் நிரம்பியிருந்தாலும், சாய்வு போதாமல் இருந்தாலும் இதுவே நடக்கும்.

மூடியோட வளையத்தில வச்சுட்டுப் போயிட்டேன். திரும்பி வந்தா மூடி இலேசா மேலே எழும்பியிருக்கு. இப்ப என்ன செய்யலாம்?

மூடி எழும்பியிருந்தால் அழுத்தத்தில் ஒரு பகுதி ஏற்கெனவே கசிந்திருக்கிறது. ஆனால் மீதி இருக்கிறது என்றே நினைத்துச் செயல்படுங்கள். கீழே ஸ்டாப்காக்கைத் திறப்பது தவறு, ஏனெனில் அது இப்போது திரவத்துக்கு அடியில் இருக்கிறது. வாயுவுக்குப் பதில் திரவமே பீறிடும். ஃபியூம் ஹூடின் கதவைக் கைகள் நுழையும் அளவுக்கு இறக்கி, முகத்தை அதன் பின்னால் வைத்துக்கொண்டு, மூடியை உள்ளங்கையால் உறுதியாக அழுத்தியபடி புனலை அசைக்காமல் எடுத்து, மெல்லச் சாய்த்துத் தலைகீழாக்கி, வழக்கம்போல் தண்டு வழியாக இறக்குங்கள்.

இது நேர்வதற்குக் காரணம், நீரில் கரைந்திருந்த கார்பன் டைஆக்ஸைடு குலுக்கல் நின்ற பிறகும் மெதுவாக வெளியேறிக்கொண்டிருப்பதுதான். எனவே கடைசி இறக்கத்தை முடித்துப் புனலை வளையத்தில் வைத்த உடனே மூடியை எடுத்துவிட வேண்டும். அடுக்குகள் பிரிவதற்கு மூடி தேவையில்லை. வடிப்பதற்கும் அது இல்லாமல் இருப்பதே வசதி.

பைகார்பனேட் அடுக்கில இறங்கின கார்பாக்ஸிலிக் அமிலத்தை மீட்கணும். HCl-ஐப் புனலிலேயே ஊத்தலாமா?

வேண்டாம். இப்போது வாயுவின் அளவைத் தீர்மானிப்பது உங்கள் விளைபொருள் மட்டுமல்ல, நீங்கள் மிகுதியாக ஊற்றிய பைகார்பனேட் முழுவதும்தான். நிறைவுற்ற கரைசல் 50 மி.லி.யில் ஏறத்தாழ 55 மில்லிமோல் பைகார்பனேட் இருக்கும். அதை முழுவதும் அமிலமாக்கினால் 1.3 லிட்டர் வாயு வரும். திறந்த புனலில்கூட அது கழுத்து வழியாகப் பொங்கி வழியும்.

அந்த அடுக்கின் கொள்ளளவைப்போல் ஐந்தாறு மடங்கு பெரிய பீக்கரில் அதை எடுத்து, பனிக்கட்டியில் வைத்து, அமிலத்தைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்துக் கலக்குங்கள். நீரில் சிறிது ஈதர் கரைந்திருக்கும்; வாயு அதையும் ஏந்திக்கொண்டு வரும் என்பதால் இதுவும் ஃபியூம் ஹூடுக்குள்ளேயே நடக்க வேண்டும். பென்சாயிக் அமிலம் போன்ற திண்மமாக இருந்தால் அது வெள்ளையாகப் படிந்துவிடும், வடிகட்டினால் போதும். நீரிலேயே கரைந்து நிற்கும் அமிலமாக இருந்தால் மறுபடி ஈதரால் பிரித்தெடுக்க வேண்டியிருக்கும்; pH தாள் 2 அருகில் காட்டி, கலக்கினாலும் குமிழி எழாத பிறகே அதைப் பிரிபுனலுக்கு மாற்றுங்கள்.